எட்டுப் பெட்டி மாப்ள

வாய்யா மாப்ள, உக்காரு. ஃபோனை உள்ள வை. கணக்கு முடிஞ்சிருச்சுன்னு உன் மூஞ்சியே சொல்லுதே. கடைக்காரனுக்கு முன்பணம் குடுக்கப் போறவன், போற வழியில மாமனைப் பார்த்துட்டுப் போலாம்னு தோணுச்சு பாரு, அந்தப் புத்தி இருக்கிறவரைக்கும் உனக்குக் குறை இல்ல.

அறை பன்னிரண்டரை அடிக்குப் பத்தேகால் அடி. பூச்சு முடிஞ்ச பிறகு டேப்பு வெச்சு நீயே அளந்ததுன்னு சொல்ற. அதுக்கு ஒரு சபாஷ். பாதிப் பேரு பிளான் காயிதத்துல இருக்கிற அளவைத் தூக்கிட்டு ஓடுவான். ரெண்டையும் பெருக்கினா 128 சதுர அடி. டைல்ஸ் ரெண்டுக்கு ரெண்டு, ஒண்ணு 4 சதுர அடி, 32 டைல்ஸ். பெட்டிக்கு 4 டைல்ஸ், ஆக 8 பெட்டி. மிச்சமே இல்லாம வகுபட்டுருச்சு, இல்ல? கணக்கு வாத்தியார் கேட்டா உச்சி மோந்திருப்பாரு. டைல்ஸ் மேஸ்திரி கேட்டா வேலையைப் பாதியில போட்டுட்டு டீக்கடைக்குப் போயிருவான்.

முதல்ல ஒண்ணு கேக்குறேன். அந்த ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸை டேப்பு வெச்சு அளந்தியா? அறையை அளந்தவன் டைல்ஸை அளக்கலியே! பெட்டி மேல 600 x 600 மில்லின்னு போட்டிருக்கும். ரெண்டு அடிங்கிறது 609 மில்லிக்கும் மேல. கொத்தனார் கணக்குல சொன்னா, ரெண்டடிக்கு மூணு நூல் குறைச்சல். மூணு நூல்தானேன்னு உதட்டைப் பிதுக்காத. ஒரு டைல்ஸ் 4 சதுர அடி கிடையாது, 3.87. ஒரு பெட்டி 16 இல்ல, பதினஞ்சரை. நீ சொன்ன 8 பெட்டியை விரிச்சா 124 சதுர அடிதான் மூடும். ஒரு டைல்ஸையும் வெட்டல, ஒண்ணையும் உடைக்கல, அதுக்குள்ள 4 சதுர அடி மண்ணு தெரியுது. 128-ஐ மூடவே 33 டைல்ஸ் வேணும். உன் கணக்கு 32-லயே மூச்சு வாங்கி நிக்குது.

கடைக்காரன் சில பேரு பெட்டிக்கு 16 அடின்னே வாயில சொல்லுவான். பொய் சொல்றான்னு சண்டைக்குப் போகாத. பேச்சு வழக்கு அப்படி. ஆனா விலையைச் சதுர அடிக்கு இவ்வளவுன்னு சொன்னா மட்டும் எந்த அடின்னு கேட்டுக்க. பெட்டியில அச்சடிச்சிருக்கிற சதுர மீட்டர்ல பில்லு போடச் சொல்லு. நாலு டைல்ஸுக்கு 1.44 சதுர மீட்டர்னு இருக்கும். அதுல யாரும் விளையாட முடியாது.

மச்சினன் வீட்டுல 12 அடி அறைக்கு 6 டைல்ஸ் நேரா வந்துரும்னு எவனோ சொல்லியிருக்கான். 6 டைல்ஸையும் நடுவுல 2 மில்லி ஸ்பேசரையும் சேர்த்தா 361 சென்டிமீட்டர். 12 அடிங்கிறது 366 சென்டிமீட்டர். சுவரோரம் ஒண்ணேமுக்கால் அங்குலம் பல்லை இளிக்கும். ஸ்கர்ட்டிங் அதை மூடாது. ஸ்கர்ட்டிங்கோட கனமே ஒரு சென்டிமீட்டர்தான். அந்த ஒண்ணேமுக்கால் அங்குலத்துக்கு ஒரு வரிசை டைல்ஸைக் கிழிக்கணும்.

இப்ப உன் அறைக்கு வருவோம். மேஸ்திரி சென்டிமீட்டர்லதான் பேசுவான், நாமளும் அதுலயே பேசுவோம். 381-க்கு 312. வாசல் பக்கத்து மூலையில முதல் டைல்ஸை வெச்சு நேரா ஓட்டுறான்னு வெச்சுக்க. நீளத்துல 6 முழு டைல்ஸ், கடைசியில 20 சென்டிமீட்டர் துண்டு. அகலத்துல 5 முழு டைல்ஸ், கடைசியில 11 சென்டிமீட்டர். முழுசு 30 ஆச்சு. துண்டு எத்தனைன்னு எண்ணு. 20 சென்டிமீட்டர்ல 5, 11 சென்டிமீட்டர்ல 6, மூலைக்குப் பொடியா ஒண்ணு.

இங்கதான் உன்னை மாதிரிப் படிச்சவன் தப்புவான். 60-ல 20 மூணு தடவை போகும், அதனால ஒரு டைல்ஸ்ல மூணு துண்டுன்னு எழுதுவான். போகாது மாப்ள. பிளேடு ஒரு வெட்டுக்கு ரெண்டு மில்லி தின்னும், அது ஒண்ணு. பெரிய விஷயம் வேற. டைல்ஸோட நாலு ஓரமும் கம்பெனியில வழிச்சு விட்ட ஓரம். நீ வெட்டின ஓரம் எவ்வளவு நல்ல மெஷின் ஆனாலும் கொஞ்சம் பொரிஞ்சுதான் இருக்கும். கம்பெனி ஓரம் அடுத்த டைல்ஸைப் பார்த்து உக்காரணும், வெட்டின ஓரம் சுவரைப் பார்த்துப் போய் ஸ்கர்ட்டிங்குக்குக் கீழ ஒளிஞ்சுக்கணும். மூணாக் கிழிச்சா நடுத்துண்டுக்கு ரெண்டு பக்கமும் வெட்டு. அதைக் கொண்டுபோய் வெச்சா ஜாயின்ட் ரம்பப் பல்லாத் தெரியும். ஆக, துண்டு எவ்வளவு பொடிசா இருந்தாலும் ஒரு டைல்ஸுக்கு ரெண்டுதான் மரியாதையான துண்டு. 20 சென்டிமீட்டருக்கு 3 டைல்ஸ், 11 சென்டிமீட்டருக்கு 3 டைல்ஸ், மூலைப்பொடி மிச்சத்துல தேறிரும். 30-ம் 6-ம் 36.

அதோட நின்னுதா? ஸ்கர்ட்டிங்கை மறந்துட்டியே! வேற கலர்ல தனியா வாங்கப் போறியா? இல்லையே, அதே டைல்ஸைக் கிழிச்சு நாலு அங்குலம் ஓட்டணும்னுதானே உன் வீட்டம்மா சொன்னா. சுத்தளவு நாற்பத்தஞ்சரை அடி, கதவு மூணடி கழிச்சா நாற்பத்திரண்டரை. 60 சென்டிமீட்டர் துண்டா 22 வேணும். ஒரு முழு டைல்ஸைக் கிழிச்சா நாலு அங்குலத்துல 5 வரும். ஆனா தரைக்கு வெட்டின மிச்சத்துலயே 13 துண்டு தேறும். மீதி 9 துண்டுக்கு 2 டைல்ஸ். மொத்தம் 38. வாசப்படியில கிரானைட் போடுறேன்னு சொன்னதால அதை விட்டேன். அங்கயும் டைல்ஸ்னா இன்னும் ரெண்டு சேர்த்துக்க.

கணக்கு சரியாத்தான் வந்துச்சு. ஆனா அந்த 11 சென்டிமீட்டர் வரிசையை நினைச்சுப் பாரு. பன்னிரண்டரை அடி நீளத்துக்குச் சுவரோரம் கோமணம் கட்டினாப்புல ஓடும். லட்ச ரூபாய் கட்டில் போட்டாலும் வர்றவன் கண்ணு அங்கதான் போகும். அதனால ரோஷமுள்ள மேஸ்திரி என்ன செய்வான்னா, நடுவுல நூல் பிடிச்சு ரெண்டு பக்கமும் சமமா வெட்டு வர்ற மாதிரி போடுவான். நீளத்துல 5 முழுசு, ரெண்டு முனையிலயும் 40 சென்டிமீட்டர். அகலத்துல 4 முழுசு, ரெண்டு பக்கமும் 36 சென்டிமீட்டர். பார்க்க ராஜா மாதிரி இருக்கும்.

எத்தனை டைல்ஸ்? இப்ப எண்ணு. நடுவுல முழுசு 20. ஓரத்துல 8, இன்னொரு ஓரத்துல 10, மூலைக்கு 4. எல்லாத் துண்டும் அகலத்துல பாதி டைல்ஸுக்கு மேல. அதனால ஒரு டைல்ஸுல ஒண்ணுதான் கிடைக்கும். 42. என்னய்யா முழிக்கிற? அதே அறை, அதே டைல்ஸ், நூலை நகர்த்தினதுக்கு 36 போய் 42 ஆயிருச்சு. ஆனா அழுவாத. இதுல வெட்டின மிச்சம் நல்ல அகலமா 18 துண்டு விழும். 22 ஸ்கர்ட்டிங்கும் அதுலயே முடிஞ்சிரும், தனியா ஒரு டைல்ஸ் வேண்டாம். ஆக 38-க்கு 42. அழகுக்கு ஒரு பெட்டி கூலி.

அந்த ஒரு பெட்டியும் குடுக்க மனசு வரல, கோமணமும் வேண்டாம். உன் முகம் அப்படித்தான் சொல்லுது. சரி, இதைக் கேளு. உன் அறை வாசல் எந்தச் சுவர்ல இருக்கு? குட்டைச் சுவர்ல. உள்ள நுழைஞ்சதும் கண்ணுக்குத் தெரியறது இடதும் வலதும். எதிர்ச் சுவரை ஒட்டித்தான் கட்டிலும் பீரோவும் போடப் போற. அப்ப அகலத்தை மட்டும் நடுவுல பிடி. ரெண்டு பக்கமும் 36. நீளத்துல வாசல்லேர்ந்து முழு டைல்ஸா ஓட்டி, அந்த 20 சென்டிமீட்டர் துண்டை எதிர்ச் சுவர்ல கட்டிலுக்கு அடியில தள்ளு. அங்க எவன் குனிஞ்சு பார்க்கப் போறான், உன் மாமியாரைத் தவிர?

இதுல முழுசு 24, ஓரத்துக்கு 12. அந்த 12-லயும் 36-ஐ வெட்டினது போக 24 சென்டிமீட்டர் பட்டை மிஞ்சும், ஒரு பக்கம் கம்பெனி ஓரத்தோட. அதைத் திருப்பிப் போட்டா எதிர்ச் சுவரோட 20 சென்டிமீட்டர் துண்டு நாலும், மூலை ரெண்டும் அதுலயே முடிஞ்சுது. தரை 36-ல அடங்கிருச்சு. மிச்சம் இருக்கிற ஆறு பட்டையில ஸ்கர்ட்டிங் 12, மீதி 10-க்கு 2 டைல்ஸ். மொத்தம் 38. கோமணமும் இல்ல, கூலியும் இல்ல. டைல்ஸ்ல ரேகை ஓடுற டிசைன்னா பட்டையைத் திருப்பிப் போட முடியாது, ரேகை குறுக்க நிக்கும். அப்ப அந்த ஆறு துண்டுக்குப் புதுசா 3 டைல்ஸ் வெட்டணும். ஆனா மிஞ்சின 12 பட்டையும் ஸ்கர்ட்டிங்குக்குப் போயிரும். கூட்டிக் கழிச்சா 39. ஒண்ணுதான் கூடுது.

ஸ்கர்ட்டிங்ல ஒரு சின்ன சூது இருக்கு. ஒரு பட்டையை ரெண்டாக் கிழிச்சா ஒண்ணுக்குத்தான் மேல் ஓரம் வழவழன்னு இருக்கும். இன்னொண்ணோட வெட்டு ஓரத்தை மெஷின்ல தேய்ச்சு விடச் சொல்லு. தேய்க்கச் சோம்பேறித்தனப்பட்டா அதைப் பீரோ பின்னால ஒட்டச் சொல்லு.

இப்ப பெரிய பூதத்துக்கு வருவோம். கிராஸாப் போடணும், டைமண்ட் டைமண்டா வரணும்னு உன் வீட்டம்மா ஆசைப்படுறா. தப்பில்ல. கடைக்காரன் என்ன சொன்னான்? நேராப் போட்டா பத்துப் பெர்சன்ட் சேதாரம், கிராஸுக்குப் பதினஞ்சு. எல்லாக் கடையிலயும் அதே மந்திரம்தான். நகைக்கடையில சேதாரத்துக்கு அரைப் பெர்சன்ட் குறைக்கச் சொல்லி அரைநாள் உக்காந்து பேரம் பேசுறவன், இங்க மட்டும் பதினஞ்சுன்னதும் மண்டையை ஆட்டிட்டு வந்திருக்க. அந்தப் பதினஞ்சு எங்க போகுதுன்னு பார்த்துருவோம்.

பேரன் கணக்கு நோட்டைக் கொண்டா, கட்டம் போட்டது. டைல்ஸை மூலைக்கு மூலை அளந்தா 85 சென்டிமீட்டர். அதுல பாதி நாற்பத்திரண்டரை. அந்த நாற்பத்திரண்டரையை ஒரு கட்டம்னு வெச்சுக்க. உன் அறை நீளத்துல 9 கட்டத்துக்குக் கொஞ்சம் குறைச்சல், அகலத்துல ஏழும் ஒரு மூணுல ஒரு பங்கும். நீளம் படுக்கையா வர்ற மாதிரி அறையை வரைஞ்சு, நட்ட நடுவுல ஒரு புள்ளி வை. அதிலேர்ந்து மேல, கீழ, இடது, வலது ஒவ்வொரு கட்டம் தள்ளிப் புள்ளி வெச்சு நாலையும் சேர்த்தா ஒரு டைமண்ட். அதுதான் நடு டைல்ஸ். அதை ஒட்டி ஒட்டி வரைஞ்சுகிட்டே போ. சுவர்க் கோட்டைத் தாண்டினாலும் முழுசாவே வரை, நிறுத்தாத.

வரைஞ்சிட்டியா? எண்ணு. சுவரே தொடாத முழு டைல்ஸ் 17. முக்காலுக்கு மேல உள்ள இருந்து, ஒரு முக்கு மட்டும் சுவர்ல வெட்டுப்படுறது 14. நீளச் சுவர் ஒவ்வொண்ணுலயும் 4, குட்டைச் சுவர்ல 3. இந்த 31-க்கும் ஆளுக்கு ஒரு டைல்ஸ், பேச்சே இல்ல. அப்புறம் சுவரோரம் முக்கோணம் முக்கோணமா இடைவெளி நிக்குதே, அதை எண்ணு. நீளச் சுவர்ல ஐயஞ்சு, குட்டைச் சுவர்ல நாலு நாலு. மொத்தம் 18.

ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஒரு புது டைல்ஸை எடுத்து வெட்டுற மேஸ்திரி இருக்கான். அவன் கையில குடுத்தா 31-ம் 18-ம் 49. நீ வாங்கின 32-ல 17 குறையும். ஞாயித்துக்கிழமை கடை பூட்டிக் கெடக்கும். நீ மேஸ்திரிக்குச் சும்மா சம்பளம் குடுப்ப.

விவரமானவன் எப்படிச் செய்வான்னு பாரு. நீளச் சுவரோர முக்கோணம் பெருசு, சுவர்லேர்ந்து உள்ள 28 சென்டிமீட்டர் சொச்சம் நீட்டும். ஒரு டைல்ஸ்ல எதிரெதிர் முக்கு ரெண்டை வெட்டினா ரெண்டு முக்கோணம் வரும். பக்கத்துப் பக்கத்து முக்கை வெட்ட முடியாது, ஒண்ணோட ஒண்ணு மோதும். பத்து முக்கோணத்துக்கு 5 டைல்ஸ். ஒரு டைல்ஸோட கீழ் முக்கு மேல் சுவருக்கும், மேல் முக்கு கீழ்ச் சுவருக்கும் போகும். அப்படியே நகர்த்தி வெச்சாப் போதும், திருப்ப வேண்டியதில்ல, ரேகையும் கலையாது.

குட்டைச் சுவர்ல முக்கோணம் சின்னது, 20 சென்டிமீட்டர் சொச்சம். இதுக்குப் புது டைல்ஸையே தொடாத. வலது சுவர்ல மூணு டைல்ஸோட முக்கை வெட்டினோமே, அந்த முக்கு 22 சென்டிமீட்டர். பிளேடு தின்னது போகவும் போதும். அதை எடுத்து இடது சுவர்ல வை. இடது சுவர்ல வெட்டின முக்கை வலது சுவருக்குக் கொண்டா. கம்பெனி ஓரம் ரெண்டும் உள்ளே பார்க்கும், வெட்டு ஓரம் சுவரைப் பார்க்கும். எட்டுல ஆறு இப்படியே முடிஞ்சிரும். மீதி ரெண்டுக்கு ஒரு டைல்ஸ். நீளச் சுவர்ல வெட்டின முக்கு 14 சென்டிமீட்டர்தான், அது எதுக்கும் உதவாது. சாக்குல போடு.

31-ம் 5-ம் 1-ம், ஆக 37. அறையோட நியாயமான அளவு 33. நாலு டைல்ஸ்தான் கூடுது, நூத்துக்குப் பன்னிரண்டு. உடைசலுக்கு ஒண்ணு சேர்த்தா அந்தப் பதினஞ்சு பெர்சன்ட் மந்திரம் வந்துருச்சு. ஆக, மந்திரம் பொய்யில்ல. ஆனா அது முக்கை மாத்தி மாத்தி வைக்கத் தெரிஞ்சவனுக்கு உள்ள மந்திரம். 37-க்கும் 49-க்கும் நடுவுல மூணு பெட்டி இருக்கு, அது மேஸ்திரியோட மண்டைக்குள்ள இருக்கு. கூலி பேசும்போது வெட்டின முக்கை என்ன செய்வேன்னு அவனைக் கேளு. குப்பையில போடுவேன்னு சொன்னா வேற ஆளைப் பாரு.

கிராஸ்ல இன்னொரு செலவு இருக்கு, அதைக் கடைக்காரன் சொல்ல மாட்டான். மிச்சம் எல்லாம் முக்கோணமும் அறுகோணமுமா விழும். ஸ்கர்ட்டிங்குக்கு வேணும்ங்கிற நேரான பட்டை கம்பெனி ஓரத்தோட வராது. ஆக ஸ்கர்ட்டிங் 22-க்கும் முழு டைல்ஸைத்தான் கிழிக்கணும், 5 டைல்ஸ். 37-ம் 5-ம் 42. நான் சொன்ன நேர் வழியில 38. வித்தியாசம் ஒரு பெட்டி. ரெண்டு பக்கமும் நடுப் பிடிச்சுப் போட்டா நேருக்கும் 42, கிராஸுக்கும் 42. உன் அறை அளவுக்கு அப்படி அமையுது. பக்கத்து வீட்டு அறைக்கு வேற மாதிரி அமையும். இதுக்குத்தான் பெர்சன்ட்டை நம்பி உக்காராதேங்கிறேன்.

சின்ன அறைதான் பெர்சன்ட்டைக் கெடுக்கும். வெட்டுப்படுறது சுவரோரம் மட்டும். அறை சின்னதா இருந்தா ஓரம் அதிகம், நடு கம்மி. 20-க்கு 15 ஹால்னா நடுவுல முழு டைல்ஸ் படுத்துக் கெடக்கும், சேதாரம் பெர்சன்ட்டுல கரைஞ்சிரும். கழிவறைக்கு உன் பெர்சன்ட்டைப் போட்டா கடைக்கு மூணு தடவை நடப்ப.

கிராஸுக்கு உடைசலும் கூட. நேர் வெட்டு, கையால இழுக்கிற கட்டர்லயே கீறி அமுக்கினா கிர்ருன்னு பிரியும். டைல்ஸோட முக்கை மட்டும் சின்னதா வெட்டணும்னா கட்டருக்குப் பிடிமானம் கிடைக்காது. கீறின கோட்டை விட்டுட்டு வேற பக்கம் ஓடும். முக்கோணத்தோட கூர் முனை பெயர்ந்து போகும். மெஷின் வெச்சுத் தண்ணி விட்டு அறுக்கணும். அப்படியும் ரெண்டு மூணு போகும். பெட்டியைப் பிரிச்சதும் ஓரம் பெயர்ந்தது, வளைஞ்சது எதுன்னு பார்த்து ஒதுக்கி வைக்கச் சொல்லு. அதையெல்லாம் வெட்டுக்குக் குடு, முழுசா வைக்கிற இடத்துல வைக்க விடாத. டைல்ஸை ரெண்டு ரெண்டா முகத்துக்கு முகம் வெச்சுப் பார்த்தா வளைவு தெரிஞ்சிரும்.

கிராஸுக்கு ஆதரவா ஒரு வார்த்தை சொல்லணும், இல்லன்னா உன் வீட்டம்மா என் சாப்பாட்டுல கைவெச்சிருவா. அறை சதுரம் தப்பியிருந்தா கிராஸ் அதை மறைக்கும். டேப்பை எடுத்து மூலைக்கு மூலை ரெண்டு பக்கமும் அளந்தியா? உன் அளவுக்கு ரெண்டும் 16 அடி 2 அங்குலம் வரணும். ஒண்ணு 16 அடி 1, இன்னொண்ணு 16 அடி 3-ன்னு வந்தா கொத்தனார் மூலைமட்டத்தை வீட்டுல மறந்துட்டு வந்திருக்கான். நேராப் போட்டா ஓரத் துண்டு ஒரு முனையில 20, மறுமுனையில 16-ன்னு ஒடுங்கிட்டே போகும். ஒவ்வொரு ஜாயின்ட்டும் அதைக் காட்டிக் குடுக்கும். கிராஸ்ல முக்கோணம் கொஞ்சம் பெருசு சிறுசா இருக்கும், கண்ணுக்குப் புலப்படாது. ஆனா அப்படிப்பட்ட அறையில ஒரே அளவுக்கு முக்கை வெட்டி அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் மாத்த முடியாது. 37-ங்கிறது 39, 40 ஆயிரும். மறைக்கிறதுக்கு விலை அது. கோணல் ஒரு அங்குலத்துக்கு உள்ளன்னா பூச்சுல சரி பண்ணச் சொல்லு, டைல்ஸுக்கு முன்னாடி. அதுக்கு மேலன்னா கிராஸைப் போடு, ரெண்டு பேருக்கும் சந்தோசம்.

இப்ப கடைக்குப் போறியே, ஒண்ணு மறக்காத. பெட்டியில ஷேடு நம்பரும் பேட்ச் நம்பரும் இருக்கும். எல்லாப் பெட்டியிலயும் அது ஒண்ணா இருக்கணும். மோர்பியிலேர்ந்து லாரி லாரியா வருது, ஒவ்வொரு சூளைக்கும் கலர் ஒரு மயிரிழை மாறும். கடையில தனியாப் பார்த்தா தெரியாது, தரையில பக்கத்துல பக்கத்துல படுத்தா உச்சி வெயில்ல தெரியும். ரெண்டு டைல்ஸ் குறையுதுன்னு ரெண்டு மாசம் கழிச்சுப் போனா அந்தப் பேட்ச் இருக்காது. சில நேரம் அந்த டிசைனே இருக்காது. அதனாலதான் நான் பெட்டியை ஏத்திப் போடச் சொல்றது, கடைக்காரனுக்கு மச்சினன்னு இல்ல. பிரிக்காத பெட்டியை ஒரு மாசத்துக்குள்ள திரும்ப எடுத்துக்குவியான்னு பணம் குடுக்கிறதுக்கு முன்னாடியே கேட்டு, பில்லுலயே எழுதி வாங்கு. பிரிச்ச பெட்டியை எவனும் எடுக்க மாட்டான். அதனால மேஸ்திரி கடைசிப் பெட்டியைத் தேவை வந்தாத்தான் பிரிக்கணும்.

மிச்சத்தை எல்லாம் தூக்கிக் குடுத்துராத. 3, 4 முழு டைல்ஸ் பரண்ல கிடக்கட்டும். பிளம்பர் வந்து தரையைத் தோண்டுறேன்னு ஒரு நாள் நிப்பான், இல்ல உன் மகன் கிரைண்டர் கல்லைக் கீழ போடுவான். அன்னிக்கு அந்த மூணு டைல்ஸ் பவுன் விலை.

எந்திரி, முடிவைச் சொல்லிடுறேன். எட்டுப் பெட்டியைக் கிழிச்சுப் போடு. நேராப் போடுறதா இருந்தா 38-ம், உடைசல் ரெண்டும், பரணுக்கு நாலும் சேர்த்து 44, அது 11 பெட்டி. கிராஸுன்னு வீட்டுல முடிவாச்சுன்னா 42-ம், உடைசல் மூணும், பரணுக்கு மூணும் சேர்த்து 48, அது 12 பெட்டி. அந்தக் கட்டம் போட்ட காயிதத்தையும் மேஸ்திரிகிட்டக் குடுத்துரு. முதல் டைல்ஸை ஒட்டுறதுக்கு முன்னாடி, நடுப்புள்ளியைத் தரையில சாக்பீஸால போட்டுக் காட்டச் சொல்லு.